வகுப்பறைக் கடிதங்கள் – 9: பெயர் சூட்டாத கடிதம்

வாசிப்பில் தடுமாறும் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெற்றோருக்கு எழுதிய முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். “உங்கள் மகனுக்கு டிஸ்லெக்ஸியா இருக்கலாம்” என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. வாசிப்பு தடுமாறப் பார்வைக் குறை, காது மந்தம், தொடர் விடுப்பு, வீட்டில் வேறு மொழி என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் பரிசோதிக்கும் உளவியலாளர்.

இரண்டாம் கடிதத்தில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன்:

“கதை சொன்னால் உங்கள் மகன் ஒரு பெயர்கூட விடாமல் திருப்பிச் சொல்கிறான். வாய்க்கணக்கில் முந்திக்கொள்கிறான். அதே கதையைப் புத்தகத்தில் வாசிக்க ஐந்து வரிக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. முதல் வரியில் சரியாக வாசித்த ‘கொக்கு’, மூன்றாம் வரியில் வந்தால் ‘கெ’ என்று தொடங்கி நின்றுவிடுகிறான். ஆறு வாரமாகத் தினமும் 15 நிமிடம் தனியாக வாசிக்க வைத்தேன். அவன் முயற்சியில் குறையில்லை. ஆனாலும் வேகம் கூடவில்லை.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் ஒரு கற்றல் மதிப்பீடு செய்து பார்க்கலாம். ஊசி, மருந்து கிடையாது. வாசிக்க, எழுத, புதிர் அடுக்கச் சொல்வார்கள். அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஏறும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.”

‘கொ’வில் கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் அவன் திணறினான். ல-ள-ழ, ன-ண குழப்பத்தை வேண்டுமென்றே எழுதவில்லை. அந்த வயதில் பாதி வகுப்பு அதில் தடுக்கி விழும். அதை ஆதாரமாகக் காட்டினால் பெற்றோர் வீணாகப் பயப்படுவார்கள்.

கடிதத்தை அவன் பையில் வைத்தும் அனுப்பவில்லை. பெற்றோர் இருவரையும் வரச்சொல்லி, பள்ளி விட்டபின் நானே வாசித்துக் காட்டினேன்.

“மூளை சரியில்லைன்னு எழுதிருவாங்களா, டீச்சர்?” என்றார் அம்மா. அறிக்கை உங்கள் கைக்குத்தான் வரும், யாரிடம் காட்டுவது என்பது உங்கள் முடிவு என்றேன். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அன்று அதைப் பேசவில்லை. மதிப்பீடே முடியாதபோது சான்றிதழைப் பற்றிப் பேசுவதும் பெயர் சூட்டுவதுதான்.

அதுவரை தலைகுனிந்திருந்த அப்பா, “நானும் இப்படித்தாங்க. எழுத்து ஒட்டவே ஒட்டாது. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க” என்றார். இத்தகைய வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. மதிப்பிடுபவர் கட்டாயம் கேட்கும் செய்தி. அவர் சம்மதத்தோடு கடிதத்தின் கீழே அதைச் சேர்த்தேன்.

அடுத்த வாரம் கண், காது பரிசோதனைச் சீட்டுகளோடு அம்மா வந்தார். இரண்டிலும் குறையில்லை. மதிப்பீட்டுக்கு நாள் குறித்தோம்.