எட்டாவது வரிசையிலிருந்து ஒரு படம்

பள்ளி ஆண்டு விழாவில் மகள் பரதம் ஆடுகிறாள், நாம் எட்டாவது வரிசையில் இருக்கிறோம். செல்போனின் ஃபிளாஷ் ஒளி மூன்று, நான்கு மீட்டரைத் தாண்டிப் பயன்படாது. அது மேடையைத் தொடாமல் முன்வரிசைத் தலைகளைத்தான் வெளிச்சமாக்கும். அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

அப்படியும் குழந்தையின் முகம் வெள்ளைத் திட்டாக விழுவதுண்டு. மேடையின் பின்புறம் இருட்டு. அதைப் பார்க்கும் கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிவிடுகிறது. விளக்கடியில் நிற்கும் முகம் வெளுத்துவிடுகிறது. திரையில் அவள் முகத்தை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு சூரியக் குறி தோன்றும். கண்ணும் பொட்டும் தெளிவாகத் தெரியும்வரை அதைக் கீழே இழுங்கள். பின்னணி கறுத்துப்போனால் போகட்டும், முகம்தானே வேண்டும்!

சுழலும்போது எடுத்தால் கை கலங்கிவிடும். தாளம் முடிந்து அரைமண்டியில் ஒரு நொடி நிற்பாள், அப்போது எடுங்கள். ஒத்திகையைப் பார்த்திருந்தால் அந்த இடம் முன்பே தெரிந்திருக்கும்.

நடைபாதை ஓரத்து இருக்கையில் அமர்ந்தால் முன்னிருப்பவர்களின் தலைகளுக்கு நடுவே வழி கிடைக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, போனை முகத்துக்கு நேரே பிடியுங்கள்; அதற்குமேல் உயர்த்தினால் பின்னால் இருக்கும் தாய்க்குத் தன் பிள்ளை மறைந்துவிடும். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள், இருட்டில் அது அவர் கண்ணைக் கூசவைக்கும்.