ஆஸ்பிரின் அட்டையில் 24 மாதம் என்று எப்படி எழுதுகிறார்கள்?

நாள்பட்ட ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் சில சமயம் வினிகர் நெடி அடிக்கும். மாத்திரைமேல் மெல்லிய வெள்ளை ஊசிகள் முளைத்திருப்பதையும் பார்க்கலாம். இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். ஆஸ்பிரின் மூலக்கூறு தண்ணீரோடு சேர்ந்தால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிந்துபோகும். நெடி அசிட்டிக் அமிலத்தினுடையது. ஊசிகள் சாலிசிலிக் அமிலத்தின் படிகங்கள்.

இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பது, ஆஸ்பிரினில் இருக்கும் அசிட்டைல் என்ற பகுதி. பிரிந்தபின் மிஞ்சும் சாலிசிலிக் அமிலத்தில் அந்தப் பகுதி கிடையாது. ஆகவே அந்த வேலையை அதனால் செய்ய முடியாது. வயிற்றை மட்டும் எரிக்கும்.

இந்தப் பிரிவை முழுக்க நிறுத்த முடியாது. எந்த வேகத்தில் நடக்கிறது என்று அளக்கலாம். காலாவதித் தேதி அந்த அளவையிலிருந்து பிறக்கிறது.

புதிய மருந்துக்கு வழக்கமாக மூன்று பேட்ச் தயாரித்து, கடைக்கு வரப்போகும் அதே அட்டையில் அடைத்து, அதற்கென்று உள்ள சேம்பர்களில் வைப்பார்கள். சேம்பரின் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் இரவு பகலாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். எந்த வெப்பம், எவ்வளவு ஈரம் என்பது மருந்து விற்கப்போகும் நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்றால் 25 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதம். நம் நாட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் சொல்வது 30 டிகிரி, 70 சதவீதம். குளிர்நாட்டில் மூன்று வருடம் தாங்கிய மாத்திரை இங்கேயும் அவ்வளவு காலம் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாததால்தான் இந்தப் பிரிவினை.

இன்னொரு சேம்பரில் 40 டிகிரி, 75 சதவீதம். அங்கே ஆறு மாதம். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பல வேதிவினைகளின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பதால், பின்னால் வரப்போகும் கெடுதலை இங்கே முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஆனால் இந்த அவசரச் சோதனையை மட்டும் நம்பி நீண்ட காலாவதித் தேதி போட முடியாது. நிஜக் காலம் கடந்தாக வேண்டும்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை அட்டைகளை வெளியே எடுப்பார்கள். மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து, ஹெச்.பி.எல்.சி. என்ற கருவியில் செலுத்துவார்கள். கலவையில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியேற, திரையில் ஆஸ்பிரினுக்கு உயரமான ஒரு முகடும் சாலிசிலிக் அமிலத்துக்குச் சிறிய ஒரு முகடும் வரும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சிறிய முகடுதான். பெரிய முகட்டில் இரண்டு சதவீதம் குறைந்தால் அது அளவைப் பிழைக்குள் மறைந்துவிடக்கூடும். சிறியது இரண்டு மடங்கானால் உடனே கண்ணில் படும். கூடவே, உடல் வெப்பமான 37 டிகிரியில் மாத்திரை உரிய நேரத்தில் கரைகிறதா என்றும் பார்ப்பார்கள். மருந்து முழுசாக உள்ளே இருந்தும் மாத்திரை கரையாமல் போனால் பயன் இல்லையே.

இனிக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, சாலிசிலிக் அமிலம் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தயாரித்த அன்று 0.3 சதவீதம். பன்னிரண்டாம் மாதம் 0.9. அதாவது மாதத்துக்கு 0.05 வீதம் ஏறுகிறது. இதே வேகத்தில் கோட்டை நீட்டினால் 54ஆம் மாதம்தான் 3 சதவீதத்தைத் தொடும். நாலரை வருடம்!

அப்படி எழுதிவிட முடியாது. அளந்த புள்ளிகள் எதுவும் கோட்டின்மேல் கச்சிதமாக உட்காருவதில்லை. மேலும் கீழும் சிதறித்தான் இருக்கும். அந்தச் சிதறலைக் கணக்கில் எடுத்து, ‘95 சதவீத நம்பிக்கையோடு சொல்கிறோம், சராசரி இதற்குமேல் போகாது’ என்று இன்னொரு கோட்டைச் சற்று மேலே வரைவார்கள். புள்ளிகள் குறைவாக இருந்தால், காலம் செல்லச் செல்ல இந்த மேல்கோடு முதல் கோட்டைவிட்டு விலகிக்கொண்டே போகும். நம் உதாரணத்தில் அது 41ஆம் மாதமே வரம்பைத் தொடுவதாக வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் மேலே இன்னொரு கடிவாளம் இருக்கிறது. உலக அளவில் மருந்துத் துறை பின்பற்றும் ஐ.சி.ஹெச். விதிமுறைப்படி, கையில் இருக்கும் நிஜக் காலத் தரவைப்போல் இரண்டு மடங்குவரைதான் கேட்கலாம். அந்த நீட்டிப்பும் 12 மாதத்தைத் தாண்டக்கூடாது. 12 மாதம் சோதித்தவர் கேட்கக்கூடியது அதிகபட்சம் 24 மாதம். அதுவும் 40 டிகிரி சேம்பரில் மாத்திரை ஒழுங்காக நின்றிருந்தால்தான். அங்கே ஆறு மாதத்துக்குள் மருந்தின் அளவு 5 சதவீதம் மாறினாலோ, கழிவுப் பொருள் வரம்பு மீறினாலோ, இவ்வளவு தாராளமாக நீட்ட விடமாட்டார்கள். கோடு 54 சொல்ல, மேல்கோடு 41 சொல்ல, அட்டையில் 24 அச்சாவது இப்படித்தான். சோதனை தொடர்ந்து நடந்து 24 மாதத் தரவு கைக்கு வந்ததும், 36 கேட்டு நிறுவனம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இந்த எச்சரிக்கையில் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்க ராணுவம் சேமித்துவைத்த மருந்துகளை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுபடி சோதித்துப் பார்த்தது. 122 மருந்துகள், 3,005 பேட்ச்கள். அவற்றில் 88 சதவீத பேட்ச்களுக்குக் குறைந்தது ஒரு வருடம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதைக் காட்டி, காலாவதித் தேதி வெறும் வியாபாரத் தந்திரம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மருந்துகள் அடைத்த பெட்டி பிரிக்காமல், முறையான கிடங்கில் இருந்தவை. ஒரே மருந்திலும் பேட்சுக்கு பேட்ச் ஆயுள் மாறியது. எந்த பேட்ச் எவ்வளவு காலம் நிற்கும் என்பது சோதித்த பிறகே தெரிந்தது. நம் வீட்டு அலமாரியில் இருப்பதை யார் சோதிக்கிறார்கள்?

சோதிக்கப்பட்டது மாத்திரை மட்டும் அல்ல, அட்டையோடு சேர்ந்த மாத்திரை. சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக் வழியே ஈரம் மெதுவாக உள்ளே வரும். இருபுறமும் அலுமினியத் தகடு என்றால் ஏறக்குறைய வராது. அதே மாத்திரையை பி.வி.சி.யில் அடைத்தால் ஒரு ஆயுள், அலுமினியத்தில் அடைத்தால் வேறொரு ஆயுள். ஆஸ்பிரினைப் பிதுக்கி எடுத்து வாரத்துக்கான டப்பாவில் போட்டுவைத்தால், அட்டையில் உள்ள தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் விட்டுப்போகிறது. அட்டையோடு கத்தரித்து வைப்பது பரவாயில்லை, ஒவ்வொரு குழியும் தனித்தனியாக மூடியிருக்கும்வரை. கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது தேதி உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. கேட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் வேலையை இன்னும் தெளிவாகப் பார்க்க, குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் அமில சிரப்பை எடுத்துக்கொள்ளலாம். பொடியாக பாட்டிலில் இருக்கும்வரை அச்சிட்ட தேதி செல்லும். தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டால், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பொதுவாக ஏழு நாள்தான். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்கும் அம்மாக்கள் பாட்டிலில் பார்ப்பது பொடிக்குப் போட்ட தேதியை.

மருந்து கடைக்கு வந்த பிறகும் சேம்பர் காலியாவதில்லை. உற்பத்தி நடக்கும் ஒவ்வொரு வருடமும் குறைந்தது ஒரு பேட்சை உள்ளே வைத்து அதே மாதங்களில் அளந்து வருவார்கள். பதினெட்டாம் மாதம் அந்தச் சிறிய முகடு வரம்பைத் தாண்டினால், தேதி இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருந்தாலும், கடைகளில் இருக்கும் அந்த பேட்சைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.