காதில் விழுந்ததும் கையில் வந்ததும்

பிடித்த பாட்டைக் கேட்டுக்கொண்டே வரி வரியாகத் தட்டச்சு செய்யும் ரசிகர்கள் ஏராளம். அப்படி எழுதிய வரிகளைத் திருத்தும்போது மாட்டும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. விளக்கத்துக்காக நாமே கட்டிய இரண்டு வரிகளைப் பார்ப்போம். ரசிகர் எழுதியது இது:

கரையில் நின்றவள் என்னை பார்த்தாலே
அந்த நொடி மன மெங்கும் பூவின் மனமே

முதலில் ‘பார்த்தாலே’. ஒலியை வைத்து விசைப்பலகையில் எழுதுகிறவர்களுக்கு l என்றால் ல், L என்றால் ள். ஷிப்ட் விசையை விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும். ‘பார்த்தாலே’ என்றால் பார்த்த மாத்திரத்தில். ‘பார்த்தாளே’ என்றால் அவள் பார்த்துவிட்டாள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால், சொல்லைத் தனியாகப் பார்க்கும் பிழைதிருத்தி எதையும் சுட்டிக்காட்டாது. பின்னால் வருவதைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். இங்கே ‘அந்த நொடி’ என்று நடந்த கதை தொடர்வதால் ளகரமே பொருந்தும். கடைசிச் சொல்லும் இதே ரகம்தான்: பூவுக்கு இருப்பது மணம்.

அடுத்து ‘மன மெங்கும்’. பாடகர் மெட்டுக்காக ‘மன’ என்று நிறுத்தியதும் ரசிகர் அங்கே இடம் விட்டுவிட்டார். இந்த மாதிரி இடத்தில் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே படித்துப் பார்த்தால் போதும். ‘மெங்கும்’ என்று தமிழில் சொல் இல்லை. மனம், எங்கும் இரண்டும் சேர்ந்து ‘மனமெங்கும்’ ஆகியிருக்கிறது.

‘என்னை பார்த்தாலே’ என்பதில் ஒற்று விடுபட்டிருக்கிறது. ‘ஐ’ உருபு வெளிப்படையாக நின்று, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும், எனவே ‘என்னைப்’. ‘அந்த’ என்பதற்குப் பின்னும் மிகும், ‘அந்தப் பூ’ என்பதுபோல. ஆனால் ‘அந்த நொடி’யில் மிகாது, நகரம் வல்லினம் அல்ல. ஒற்றை இஷ்டத்துக்குப் போட்டாலும் வம்புதான்: ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறோம், ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கை வேலைக் கேட்கிறோம்.

திருத்திய வடிவம்:

கரையில் நின்றவள் என்னைப் பார்த்தாளே
அந்த நொடி மனமெங்கும் பூவின் மணமே

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. பாட்டில் ‘பாத்தேன்’ என்று பேச்சு வழக்கில் இருந்தால் அதைப் ‘பார்த்தேன்’ ஆக்குவது திருத்தம் ஆகாது. கவிஞர் அப்படித்தான் எழுதினார், மெட்டும் அதற்குத்தான் பொருந்தும். ஒற்றுகளுக்கு ‘நாவி’யும் எழுத்துகளுக்கு ‘வாணி’யும் இணையத்தில் உதவும், ஆனால் இப்படிப்பட்ட வழக்குச் சொற்களையும் அவை பிழையென்று காட்டலாம். சந்தேகம் தீராவிட்டால் அந்தக் காலப் பாட்டுப் புத்தகத்தையோ கவிஞரின் தொகுப்பையோ புரட்டலாம். அச்சிலும் பிழை இருக்கும் என்பதால், பாட்டை இன்னொரு முறை கேட்டுவிட்டுத் திருத்துவதே நல்லது.