ஒரு வீடியோவா, பல நாள் உழைப்பா?

2021 ஜனவரி இறுதியில், ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குழுவினருடன் ராகுல் காந்தி காளான் பிரியாணி சாப்பிட்ட வீடியோ வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் அந்தச் சேனல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. வளர்ச்சிக்குக் காரணம் அந்த ஒரு வீடியோதான் என்று தோன்றும். ஆனால் அவர் வரும்போதே அங்கே சுமார் 70 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018 முதல் தொடர்ந்து சமைத்துப் போட்ட வீடியோக்கள் சேர்த்த கூட்டம் அது. ராகுலின் வருகை வேகத்தைக் கூட்டியிருக்கலாம்; அஸ்திவாரம் அதற்கு முந்தையது.

சேனலுக்கு விளம்பரம் தர நினைக்கும் கடைக்காரர் இந்த வேறுபாட்டைத் தாமே கண்டுபிடிக்கலாம். வீடியோ பட்டியலில் Popular என்பதை அழுத்தினால், அதிகம் ஓடியது முதலில் நிற்கும். அது வெளியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு Latest பட்டியலுக்குப் போய், அதற்கு முன் வந்த 15 வீடியோக்களின் பார்வை எண்ணிக்கையையும், பின் வந்த 15 வீடியோக்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதுங்கள். சராசரி வேண்டாம், ஒரு பெரிய எண் அதை ஏற்றிவிடும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் வரும் எட்டாவது எண்ணைப் பாருங்கள்.

இரண்டு லட்சம் சப்ஸ்கிரைபர் உள்ள ஒரு சேனலை வைத்துக்கொள்வோம். அதன் ஒரு வீடியோ 60 லட்சம் பார்வை பெற்றிருக்கிறது. அதற்கு முன் நடு எண் 4,000, பின் 5,000 என்றால், வந்தவர்கள் அந்த வீடியோவுக்காக மட்டுமே வந்தவர்கள். பின் எண் 30,000 என்றால், வந்தவர்களில் பலர் தங்கிவிட்டார்கள். வைரலாவதற்கு முன்பே 4,000, 12,000, 25,000 என்று எண் ஏறிவந்திருந்தால், ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த சேனல் அது.

இந்தக் கணக்கு சில இடங்களில் பிசகும். ஷார்ட்ஸையும் நீள வீடியோவையும் கலக்கக் கூடாது. 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் ஒரு பார்வையாக எண்ணுகிறது. வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத வீடியோக்களை விட்டுவிடுங்கள். அவற்றின் எண்ணிக்கை இன்னும் ஏறும். வைரலுக்குப் பின் வந்தவர்கள் பழைய வீடியோக்களையும் பார்ப்பார்கள் என்பதால், ‘முன்’ எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். சில வீடியோக்கள் வெளியாகிப் பல மாதம் கழித்தே வைரலாகும். அப்போது வெளியான தேதியை வைத்து முன், பின் பிரிக்க முடியாது. நீக்கப்பட்ட வீடியோக்கள் பட்டியலில் தெரியவே தெரியா.

விளம்பரத்துக்கு விலை பேசும்போது சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளாதீர்கள். வைரலுக்குப் பின் வந்த 15 வீடியோக்களின் நடு எண்ணுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.