மழைக்காலத்தில் நிற்கும் மோட்டார்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் போய்க் கல்லாறைத் தாண்டினால் பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சரிவுகளில் தேயிலை விளைகிறது. அங்கே ஒரு ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆலையும் எண்களும் கற்பனை, கோளாறு மட்டும் எந்தத் தேயிலை ஆலைக்கும் பழக்கமானது. வாட வைத்த கொழுந்தைப் பற்களுள்ள இரண்டு உருளைகளுக்கு இடையே நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரங்கள் அங்கே வரிசையாக மூன்று. மழைக்காலம் வந்தால் மோட்டார் டிரிப் ஆகிறது. ஃபிட்டர் ரீசெட் பொத்தானை அழுத்துகிறார், ஓடுகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் நிற்கிறது.

மேனேஜர் அறிக்கை கேட்கிறார். "ஈரக் கொழுந்து, அதனால் லோடு" என்று சூப்பர்வைசரிடம் பதில் தயாராக இருக்கிறது. மழையில்தானே நிற்கிறது? நம்பத்தக்க பதில்தான். சோதிக்காமல் எழுதினால் அது வெறும் ஊகம்.

முதல் வேலை பதிவேட்டைப் புரட்டுவது. ஒரு மாதத்தில் 14 தடவை நின்றிருக்கிறது, அதில் 11 தடவை நின்றது இரண்டாவது இயந்திரம். பெரும்பாலும் காலை ஷிஃப்ட் தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள். எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்காத ஆலையில் விசாரணையைத் தொடங்கவே முடியாது.

அடுத்தது மீன்முள் வரைபடம். ஜப்பானியப் பேராசிரியர் கௌரு இஷிகாவா பரப்பிய முறை இது. மீனின் தலையில் கோளாறை எழுத வேண்டும்: 'இரண்டாவது சி.டி.சி. மோட்டார் டிரிப்.' ஆட்கள், இயந்திரம், மூலப்பொருள், வேலைமுறை, அளவீடு, சூழல் என்று பக்க முட்கள். ஃபிட்டர், கழுவுகிறவர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, தோன்றும் காரணங்களை அந்தந்த முள்ளில் எழுதுகிறார்கள்: ஈரக் கொழுந்து, குறைந்த வோல்டேஜ், உருளை இடைவெளி, பேரிங். பலரும் தவறுவது இங்கேதான். படத்தை அழகாக வரைந்து அறிக்கையில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். முட்களில் இருப்பவை சந்தேகங்கள் மட்டுமே, ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து அடிக்க வேண்டும்.

ஈரக் கொழுந்துதான் காரணமென்றால், அதே கொழுந்து போகும் மூன்று இயந்திரங்களுமே திணற வேண்டும். அப்படி இல்லை, அடித்துவிடலாம். வோல்டேஜும் மூன்றுக்கும் ஒரே லைன், அதையும் அடிக்கலாம். உருளை இடைவெளியை அளந்தால் சரியாக இருக்கிறது. கொழுந்து போடாமல் வெறுமனே ஓட்டி அம்மீட்டரைப் பார்க்கும்போது, இரண்டாவது மட்டும் கூடுதல் கரண்ட் இழுக்கிறது. சந்தேகம் பேரிங்கில் வந்து நிற்கிறது.

இந்த ஒரு முள்ளைப் பிடித்துக்கொண்டு 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போவது டொயோட்டா ஆலைகளில் வளர்ந்த முறை. மோட்டார் ஏன் நின்றது? ஓவர்லோடு ரிலே துண்டித்தது. ஏன் லோடு கூடியது? பேரிங் இறுகியிருந்தது. ஏன் இறுகியது? கழற்றிப் பார்த்தால் கிரீஸ் பால் போல வெளுத்திருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் எப்படிப் போனது? ஷிஃப்ட் முடிந்து கழுவும்போது குழாயின் வேகமான நீர் நேரே பேரிங் மேல் அடிக்கிறது, சீலின் உதடும் தேய்ந்திருக்கிறது. இடையில் ஒரு பக்கக் கேள்வி, இரண்டாவதில் மட்டும் ஏன்? தண்ணீர்க் குழாய் அதன் பக்கத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் கொழுந்து வரத்து அதிகம், சாறு அதிகம் ஒட்டும், கழுவுவதும் நீளும். சூப்பர்வைசர் கண்ட மழைத் தொடர்பு உண்மைதான், வழிதான் வேறு.

"கழுவுகிறவர் கவனக்குறைவு" என்று இங்கே நிறுத்திவிட ஆசை வரும். அவரிடம் யாராவது பேரிங்கை மூடச் சொன்னார்களா? இல்லை. கழுவுவது உற்பத்திப் பிரிவின் வேலை, கிரீஸ் வைப்பது பராமரிப்புப் பிரிவின் வேலை. கழுவும்போது பேரிங்கை யார் காப்பது என்று எந்தத் தாளிலும் இல்லை. பேரிங்கை ஏன் யாரும் மூடவில்லை என்ற ஐந்தாவது ஏனுக்கான விடை இது. ஐந்து என்பது கட்டாய எண் அல்ல. மூன்றில் முடியலாம், ஏழு வரை போகலாம், நடுவில் இரண்டாகக் கிளைக்கவும் செய்யலாம். இங்கேயே தேய்ந்த சீல் தனிக் கிளை: அதை மாற்ற ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று அதையும் தொடர வேண்டும்.

சங்கிலி சரியா என்று பார்க்கக் கடைசி விடையிலிருந்து மேல்நோக்கி 'அதனால்' போட்டுப் படிக்கலாம். பொறுப்பு எழுதப்படவில்லை, அதனால் யாரும் மூடவில்லை, அதனால் நீர் புகுந்தது, அதனால் கிரீஸ் கெட்டது. எங்கேயாவது 'அதனால்' இடித்தால் அந்தக் கண்ணிக்கு ஆதாரம் போதவில்லை.

புதிய பேரிங் மட்டும் போட்டால் அடுத்த மழையில் அதுவும் போகும். பேரிங்குக்குத் தகடு மூடி, புதிய சீல், கழுவி முடித்ததும் உள்ளே புகுந்த நீர் வெளியேறும்படி புது கிரீஸ் ஏற்றுவது, இந்த மூன்றையும் யார் செய்வது என்று பெயரோடு ஒரு தாள். இவ்வளவும் செய்து பிப்ரவரியில் மோட்டார் நிற்கவில்லை என்றால் மகிழ வேண்டாம், பிப்ரவரியில் அது முன்பும் அவ்வளவாக நிற்கவில்லை. ஜூனில் தொடங்கும் பருவமழையில், ஓடிய மணி நேரத்துக்கு எத்தனை டிரிப் என்று முந்தைய மழையோடு ஒப்பிட்ட பிறகே அறிக்கையில் 'முடிந்தது' என்று எழுத வேண்டும்.