ஆறாவது வாரத்தில் நின்ற பால்

கோவையில் எனக்குத் தெரிந்த ஒருவர் கண்ணாடி பாட்டிலில் பால் நிரப்பி வீடு வீடாகக் கொடுக்கிறார். மூன்று மாதச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிவிடுவார். வேண்டாமென்று சொல்லும் நாட்களுக்கான பணத்தை மூன்று மாத முடிவில் திருப்பித் தருவார். ஜனவரியில் ஆரம்பித்த தொழில் ஜூன் வரை ஏறுமுகம்தான். செப்டம்பரில் ஒரு மாலை கணக்கு நோட்டோடு வந்து, "திடீர்னு எல்லாரும் போறாங்கண்ணா" என்றார்.

நோட்டைப் பார்த்தேன். யாரும் திடீரென்று போகவில்லை. ஏப்ரலில் போன வேகத்திலேயேதான் செப்டம்பரிலும் போய்க்கொண்டிருந்தார்கள். அது அவர் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் சந்தாத் தொழில் நடத்துகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அவர் பார்த்துவந்தது 'சர்ன் ரேட்', அதாவது விலகல் விகிதம். மாதத் தொடக்கத்தில் இருந்தவர்களில் அந்த மாதத்தில் எத்தனை சதவீதம் பேர் நின்றார்கள் என்பது அது. எண்களைப் புரிவதற்காக முழுமையாக்கித் தருகிறேன். ஜனவரியில் 100 பேர் சேர்ந்தார்கள். பிப்ரவரியில் 120, மார்ச்சில் 150, ஏப்ரலில் 200, மே மாதம் 250, ஜூனில் 300. ஏப்ரல் தொடக்கத்தில் மொத்தம் 370 பேர். ஜனவரியில் சேர்ந்தவர்களுக்கு அந்த மாதம்தான் முதல்முறை புதுப்பிக்கும் நாள் வந்தது. 40 பேர் நின்றுவிட்டார்கள். விகிதம் 10.8. மே மாதத்தில் 530 பேரில் 48 பேர் போனார்கள், விகிதம் 9.1. ஜூனில் 732 பேரில் 60 பேர், விகிதம் 8.2. மாதாமாதம் இறங்குகிறதே என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

இப்போது அதே எண்களைச் சேர்ந்த மாதப்படி பிரித்துப் பாருங்கள். ஜனவரியின் 100 பேரில் 40, பிப்ரவரியின் 120 பேரில் 48, மார்ச்சின் 150 பேரில் 60. ஒவ்வொரு முறையும் சரியாக 40 சதவீதம். புதுப்பிக்கும் நாள் வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனால், அன்றைக்குப் பணம் கட்டிவிட்டு இன்னும் மூன்று மாதத்துக்கு விலகவே முடியாத புதியவர்களும் மொத்தக் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டம் பெருகப் பெருக விகிதம் தானாகச் சிறுத்தது. ஜூலையில் கைக்காசு போதாமல் விளம்பரத்தை நிறுத்தினார். புதுவரவு நின்றது. விகிதம் ஆகஸ்டில் 12 ஆனது, செப்டம்பரில் 16.6. தொழிலில் புதிதாக எதுவும் கெடவில்லை; மறைத்துக்கொண்டிருந்த திரை விலகியது, அவ்வளவுதான்.

இப்படிச் சேர்ந்த காலப்படி பிரித்துப் பார்ப்பதைத்தான் கோஹார்ட் பகுப்பாய்வு என்கிறார்கள். 'நாங்க 2010 பேட்ச்' என்று கல்லூரிக்காரர்கள் சொல்வோமே, அந்த பேட்ச்தான் கோஹார்ட். ஒரு பேட்சுக்கு ஒரு வரிசை போடுங்கள். மேலே தேதியை எழுதாமல், சேர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதை எழுதுங்கள்: 1, 2, 3 என்று. கட்டத்துக்குள் எத்தனை சதவீதம் பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று நிரப்புங்கள். விரிதாளில் அரைமணி நேர வேலை.

நிரப்பியபின் பள்ளம் எந்தத் திசையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே வயதில், மேலிருந்து கீழாக நேராக விழுந்தால், வாடிக்கையாளர் அந்த வயதை எட்டும்போது நாம் ஏதோ செய்கிறோம் அல்லது செய்யத் தவறுகிறோம். ஒரே ஒரு வரிசை மட்டும் மெலிந்திருந்தால் அந்த மாதம் ஆள் பிடித்த விதத்தைச் சந்தேகிக்கலாம். பாதி விலைச் சலுகைக்காக வந்தவர்களாக இருக்கும். மூன்றாவது வகை, படிக்கட்டு போலக் குறுக்காக விழுவது. வெவ்வேறு வயதுடைய பேட்ச்கள் எல்லாம் ஒரே நாட்காட்டி மாதத்தில் அடிவாங்கியிருக்கின்றன என்று பொருள். 2021 அக்டோபர் 1 அப்படியொரு நாள். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி அன்று நடைமுறைக்கு வந்தது. (அந்த வரம்பை 2022 ஜூனில் 15,000 ஆக உயர்த்தினார்கள்.) பழைய அனுமதிகள் பல செல்லாமல் போய்ப் பணம் எடுக்க முடியாமல் நின்றது. விலக வேண்டும் என்று நினைக்காதவர்களும் விலகியவர் கணக்கில் ஏறினார்கள். அங்கே போய்ப் பொருளின் தரத்தைத் திருத்திப் பயனில்லை.

நண்பரின் பள்ளம் நேராக இருந்தது, நான்காவது மாதத் தொடக்கத்தில். "புதுப்பிக்கறப்போ விலை உறுத்துது. கொறச்சிடலாமா?" என்று கேட்டார். நான் வேண்டாமென்றேன். மூன்று மாதப் பணம் கட்டியவர் மூன்றாம் மாத முடிவில்தான் போக முடியும். பள்ளம் அங்கே விழுவது ரசீது செய்கிற வேலை. மனம் எப்போது விட்டது என்பதை ரசீது சொல்லாது.

அதைச் சொல்ல வேறொரு நோட்டு இருந்தது. எந்த வீட்டில் எந்த நாள் பாட்டில் இறங்கியது என்று வண்டிக்காரப் பையன் டிக் அடித்து வைக்கிற நோட்டு. பணம் கட்டியவர்களை விட்டுவிட்டு, மாதத்தில் 20 நாளாவது பால் வாங்கியவர்களைக் கொண்டு அதே அட்டவணையைத் திரும்பப் போட்டோம். ஜனவரி பேட்சின் 100 பேரில் முதல் மாதம் 92 பேர் அப்படி வாங்கினார்கள். இரண்டாம் மாதம் 66. மூன்றாம் மாதம் 61. மற்ற பேட்ச்களிலும் ஏறக்குறைய இதே கதை. இரண்டாம் மாதத்தில் குறைத்துக்கொண்ட 34 பேரில் பிறகு புதுப்பித்தவர்கள் மூன்றே பேர். வாரக்கணக்கில் இன்னும் நெருங்கிப் பார்த்தால், ஐந்தாம் ஆறாம் வாரங்களில் 'நாளைக்கு வேண்டாம்' என்ற குறிப்புகள் குவிந்திருந்தன. விலையைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிராத நேரம் அது.

நின்றுபோன இருபது வீடுகளுக்கு போன் செய்யச் சொன்னேன். ஒரு அம்மா சொன்னதை அவர் அப்படியே எழுதி வைத்திருந்தார்: "ஆறு மணிக்கு காபி போட்டாகணுங்க தம்பி. உங்க பாலு ஏழரைக்கு வருது. அதுவரைக்கும் கடைப் பாக்கெட்டுதானுங்க. அப்புறம் ரெண்டு பாலு எதுக்குங்க?" முதல் மாதம் புதியவர்களுக்கு நண்பரே ஸ்கூட்டரில் ஐந்தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மாதம் முடிந்ததும் வீட்டைப் பொது வண்டியில் சேர்த்துவிடுவார், வண்டிப் பாதையின் கடைசியில். விலையைக் குறைத்திருந்தால் ஏழரை மணிப் பால் கொஞ்சம் மலிவாகக் கிடைத்திருக்கும்.

இரண்டாவது வண்டி ஒன்று ஏற்பாடு செய்து, அக்டோபரில் பழைய விளம்பரத்தையே, அதே பகுதிகளில், அதே விலைக்குத் திரும்பத் தொடங்கினார். வேறெதையும் கூடவே மாற்ற வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று பிரித்தறிய முடியாது. சின்ன எண்களை நம்பி முடிவெடுக்கவும் கூடாது. 100 பேர் உள்ள பேட்சில் 60 என்பது 55 ஆவதும் 65 ஆவதும் தற்செயலாகவே நடக்கும்.

அக்டோபரில் 150 பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் மாதத்தில் 20 நாளுக்கு மேல் பால் வாங்கியவர்கள் 124 பேர். பழைய நிலையென்றால் 99 பேர் இருந்திருப்பார்கள். தற்செயலில் தாண்டுகிற தூரம் இல்லை இது. நவம்பர் முடிவிலேயே எங்களுக்கு விடை தெரிந்துவிட்டது. ரசீதுப் புத்தகத்துக்கு அது ஜனவரியில்தான் தெரிந்தது. 119 பேர் புதுப்பித்திருந்தார்கள்.