தூரத்து மரத்தின் 144 முகங்கள்

ஃபோர்ட்நைட் ஆட்டம் வானத்தில் தொடங்குகிறது. பறக்கும் பேருந்திலிருந்து ஆட்டக்காரர் குதிக்கிறார். கீழே தீவு முழுவதும் விரிகிறது. குன்றுகள், வீடுகள், நடுவே எங்கு பார்த்தாலும் மரங்கள். கணினியில் ஒரு மரத்தை ஓரளவு நன்றாகச் செதுக்கினால் 10,000 முக்கோணங்கள் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரிபவை 5,000 மரங்கள் என்று வைத்துக்கொண்டால், 5 கோடி முக்கோணங்கள். நொடிக்கு 60 முறை அத்தனையையும் வரைய வேண்டும். இவ்வளவு பாடுபட்டும், தூரத்து மரம் திரையில் நகக்கண் அளவுதான். ஒரே பிக்சலுக்குள் பல முக்கோணங்கள் வந்து விழும். அவற்றில் பெரும்பாலானவை யார் கண்ணுக்கும் படாது.

ஆகவே தூரத்து மரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதன் படத்தை ஒட்டிய ஒரு தட்டியை நிறுத்துகிறார்கள். அது இரண்டே முக்கோணங்களால் ஆனது. கேமரா எங்கே போனாலும் அதன் பக்கமே திரும்பி நிற்கும். இதற்கு பில்போர்டு என்று பெயர். யோசனை பழையது. 1993இல் வந்த டூம் விளையாட்டின் அரக்கர்கள் இப்படிப்பட்ட தட்டிகள்தான். ஒவ்வொன்றுக்கும் எட்டுத் திசைகளிலிருந்து படம் இருக்கும். அரக்கனைச் சுற்றி நடந்தால் 45 டிகிரிக்கு ஒருமுறை படம் சட்டென்று மாறும். சண்டை மும்முரத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் அசையாமல் நிற்கும் மரம் அப்படித் துள்ளினால் பளிச்சென்று தெரியும். போதாததற்கு, மேலிருந்து இறங்குகிறவருக்கும் பக்கவாட்டுப் படத்தையே காட்டினால், கட்அவுட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கதைதான்.

ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கலைஞர் ரயன் பிரக்ஸ், இதற்குத் தாங்கள் கையாண்ட வழியை 2018இல் விளக்கி எழுதினார். ஆக்டாஹெட்ரல் இம்போஸ்டர் என்பது அதன் பெயர். எண்முகி வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட போலி உரு.

முதல் வேலை படம் பிடிப்பது. மரத்தை ஒரு உருண்டைக்குள் வைத்து, உருண்டையின் மேற்பாதியில் 12க்கு 12 என்று 144 இடங்களிலிருந்து படமெடுக்கிறார்கள். தரைக்கு அடியிலிருந்து மரத்தைப் பார்ப்பவர் யாரும் இல்லை என்பதால் கீழ்ப்பாதி வேண்டாம். எல்லாப் படங்களும் 2048 பிக்சல் சதுரம் ஒன்றில் கட்டம் கட்டமாக அடுக்கப்படும். ஒரு கட்டத்துக்குச் சுமார் 170 பிக்சல். படத்தில் வெயிலைச் சேர்த்துப் பிடிப்பதில்லை. இலையின் நிறம், இலை இல்லாத வெற்றிடம், அந்த இடத்தில் இலை எந்தப் பக்கம் பார்க்கிறது, மரத்தின் நடுவிலிருந்து எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்கிறது என்பவை மட்டும் பதிவாகும். ஆட்டத்தில் சூரியன் நகர்ந்தால் வெளிச்சத்தை அப்போது கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்தப் படத்தைக் காட்டுவது? பாதி எண்முகி என்பது நான்கு பக்கப் பிரமிடு. அதை மேலிருந்து அமுக்கித் தட்டையாக்கினால் சதுரமாகிவிடும். திசை ஒவ்வொன்றுக்கும் அந்தச் சதுரத்தில் ஓர் இடம் கிடைக்கும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கேமரா மரத்தின் நடுவிலிருந்து கிழக்கே 60 மீட்டர், வடக்கே 20, உயரத்தில் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. மூன்றையும் கூட்டினால் 100. அதால் வகுத்தால் 0.6, 0.2, 0.2. முதல் இரண்டின் கூட்டல் 0.8, கழித்தல் 0.4. இவை −1 முதல் 1 வரையிலான அளவுகள். 0 முதல் 1 வரை என்று மாற்றினால் 0.9, 0.7. 12 படங்களுக்கு நடுவே 11 இடைவெளிகள் என்பதால் 11ஆல் பெருக்க, 9.9, 7.7 என்று வருகிறது. கோண அட்டவணை எதுவும் தேவையில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு இது கண் சிமிட்டும் வேலை.

9.9, 7.7 என்ற இடத்தில் படம் ஏதும் இல்லை. சுற்றியுள்ள நான்கு மூலைகளில்தான் இருக்கின்றன. அந்தச் சிறு சதுரத்தைக் குறுக்கே இரண்டு முக்கோணமாக வெட்டி, நம் புள்ளி விழும் முக்கோணத்தின் மூன்று மூலைப் படங்களை மட்டும் கலக்கிறார்கள். (9,7) படத்துக்கு 10 சதவீதம், (10,7)க்கு 20, (10,8)க்கு 70. கேமரா நகர நகர இந்தப் பங்குகள் மெல்ல மாறும். அடுத்த முக்கோணத்துக்குள் நுழையும் வேளையில், விலகும் படத்தின் பங்கு சுழியத்துக்கு இறங்கியிருக்கும். புதிய படம் சுழியத்திலிருந்துதான் ஏறத் தொடங்கும். படம் மாறுவது கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கலந்தால் மட்டும் போதாது. பக்கத்துப் பக்கத்துப் படங்களுக்கு நடுவே ஏறத்தாழ 13 டிகிரி இடைவெளி இருக்கிறது. தண்டிலிருந்து 3 மீட்டர் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் இலைக்கொத்து, கேமரா இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கும்போது, ஒரு படத்தில் 34 சென்டிமீட்டர் இடப்பக்கமும் மற்றதில் அதே அளவு வலப்பக்கமும் தள்ளித் தெரியும். திரையில் அது கிட்டத்தட்ட 10 பிக்சல் தள்ளி இரண்டு மங்கலான கொத்துகளாகிவிடும். மரமே புகைமூட்டம் போலிருக்கும். முன்னே பின்னே என்று பதிந்து வைத்த தூரம் இங்கேதான் உதவுகிறது. கோணம் எவ்வளவு விலகியிருக்கிறதோ, இலை எவ்வளவு முன்தள்ளி இருக்கிறதோ, அதற்கேற்ப ஒவ்வொரு படத்தின் பிக்சல்களையும் சற்று நகர்த்திவிட்டுப் பிறகு கலக்கிறார்கள். இரண்டு கொத்துகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும். இந்த உத்தியின் உயிர் இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது என்பேன்.

எந்தத் தூரத்தில் மரத்தைத் தட்டியாக மாற்றலாம்? 1080 வரிகள் கொண்ட திரையில், 60 டிகிரி செங்குத்துப் பார்வையில், 66 மீட்டருக்கு அப்பால் நிற்கும் 10 மீட்டர் மரம் சுமார் 140 பிக்சல் உயரம் தெரியும். நம் கட்டம் 170 பிக்சல். அதற்குள் முழு உருண்டையும் அடங்க வேண்டும் என்பதால் மரத்துக்குக் கிடைப்பதும் 140 தான். ஆக இதுவே எல்லை. இன்னும் அருகில் வந்தால் படம் கலங்கத் தொடங்கும். அந்தச் சில மீட்டர்களில் அசல் மரத்தின் புள்ளிகள் ஆங்காங்கே உதிர, உதிர்ந்த இடங்களில் தட்டியின் புள்ளிகள் நிரம்பும்.

ஏமாற்று வெளிப்படும் இடங்களும் உண்டு. முன்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்த இலை படத்தில் இல்லவே இல்லை. எவ்வளவு நகர்த்தினாலும் அதை வரவழைக்க முடியாது. ஆட்டத்தில் ஒரு மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். மெல்லிய கிளை நுனிகள் இரட்டையாகி மறுபடி ஒன்றானால் அது தட்டி. இன்னொரு அடையாளம், தூரம் போகப் போக மொட்டையாகும் காடு. படம் சிறுத்துக்கொண்டே போகும்போது இலை விளிம்புகள் அருகிலுள்ள வெற்றிடத்தோடு சேர்ந்து சராசரியாகிக் காணாமல் போகின்றன. சிறுத்த படங்களில் இலைப் பரப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். காற்றில் கிளை தனித்தனியாக ஆடுவதை மட்டும் தட்டியால் காட்ட முடியாது.

இதற்கு நினைவகத்திலும் விலை உண்டு. ஒரு மர வகைக்கு இரண்டு பெரிய படங்கள், சிறுத்த பிரதிகளோடு சேர்த்து, சுருக்கிய பிறகும் சுமார் 11 மெகாபைட் பிடிக்கும். மரம் எத்தனை ஆயிரம் இருந்தாலும் கணக்கு இதேதான். வகை கூடினால்தான் சுமை. ஒரே வகை மரங்களை வெவ்வேறு பக்கமாகத் திருப்பி நட்டுவிட்டால், ஒவ்வொன்றும் வேறு படத்தைக் காட்டும். எல்லாம் ஒரே அச்சு என்ற எண்ணம் வராது.

படங்களை 16க்கு 16 என்று 256 ஆக்கினால் என்ன? கோண இடைவெளி குறைந்து கலவை இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதே சதுரத்தில் ஒரு கட்டத்துக்கு 128 பிக்சல்தான் மிஞ்சும், அசல் மரத்தை இன்னும் அதிகத் தூரம்வரை வரைந்தாக வேண்டும். இலையுதிர்ந்து குச்சி குச்சியாக நிற்கும் மரத்துக்கு அந்தக் கூடுதல் படங்கள் தேவைப்படும். அடர்ந்த புதருக்கு 12க்கு 12 கூட அதிகம்தான்.